டிவிடெண்ட், டிடிஎஸ், ரிட்டர்ன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மாம்பழ சீசன் முடிகிற சமயத்தில் எங்கள் ஆபீஸில் சீசன் தொடங்கும். ஆடிட்டர் ஆபீஸில் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஐந்து ரோட்டிலிருந்து வருபவரும் ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருபவரும் கம்பெனிப் பங்குக்கு வரும் டிவிடெண்டைப் பற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2026-ல் போடும் ரிட்டர்னுக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2025-26-ல் வந்த பணத்துக்குப் பழைய 1961 சட்டம்தான்.

"டிவிடெண்டுக்கு டேக்ஸே கிடையாதுன்னுதானே எங்க அப்பா காலத்துல சொல்வாங்க?"

அப்பா சொன்னது அன்றைக்குச் சரி. அப்போது டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனியே அதற்கென்று தனி வரி கட்டிவிடும். பெரிய தொகை வாங்குபவர்களைத் தவிர மற்றவர்கள் கையில் வந்தது வரி கழிந்த பணம். அந்த முறை 2020 மார்ச் 31-உடன் முடிந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் முழுவதும் வாங்குபவரின் வருமானம். சம்பளம், பென்ஷன், எஃப்டி வட்டி இவற்றோடு கூட்டி, உங்கள் ஸ்லாப் என்னவோ அந்த விகிதத்தில் வரி. பங்கை விற்ற லாபத்துக்கு இருப்பதுபோலத் தனி விகிதம் எதுவும் கிடையாது.

"வருஷம் பத்தாயிரம் வரைக்கும் டேக்ஸ் இல்லையாமே?"

இல்லை. இந்த ஒரு தவறுதான் பாதி நோட்டீஸுக்குக் காரணம் என்பேன். பத்தாயிரம் என்பது கம்பெனிக்குப் போட்ட கோடு, உங்களுக்குப் போட்டது அல்ல. ஒரு கம்பெனி ஒரு தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் கொடுக்கும் டிவிடெண்ட் ₹10,000-ஐத் தாண்டாவிட்டால், கொடுக்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸை அது பிடிக்க வேண்டியதில்லை. தாண்டினால் 10% பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். 2025 மார்ச் வரை இந்தக் கோடு ₹5,000 ஆக இருந்தது.

பிடிக்கவில்லை என்பதால் அது வரியில்லா வருமானம் ஆகிவிடாது. எட்டு கம்பெனியிலிருந்து தலா ₹9,000 வந்தால் எங்கேயும் டிடிஎஸ் இருக்காது. ஆனால் ரிட்டர்னில் ₹72,000 காட்டியே ஆகவேண்டும்.

"ஒரே கம்பெனிதாங்க. முதல் தடவை ஒண்ணும் பிடிக்கல. ரெண்டாவது தடவை மட்டும் எதுக்கு இவ்வளவு பிடிச்சாங்க?"

கோடு அந்த ஆண்டின் மொத்தத்துக்கு. ஆகஸ்டில் ₹6,000 வந்தது, கோட்டுக்குள் இருந்ததால் முழுசாக அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் ₹7,000 அறிவித்தபோது மொத்தம் ₹13,000 ஆனது. அப்போது 13,000-க்கும் சேர்த்து ₹1,300 பிடித்துக்கொண்டு ₹5,700 அனுப்புவார்கள். இரண்டாவது தொகையை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 19% போலத் தெரியும், அதனால்தான் கோபம் வருகிறது.

சில கம்பெனிகள் ஆண்டு முடிவதற்குள் கோடு தாண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு முதல் தவணையிலேயே பிடித்துவிடும். சட்டம் 'கொடுக்கப்படவிருக்கும்' தொகையையும் பார்க்கச் சொல்வதால் அதிலும் தவறில்லை.

"பேங்க்ல 36,000 வந்துச்சு. அதைப் போட்டுட்டா போதாதா?"

போதாது. 36,000 என்பது பிடித்த பிறகு வந்தது. கம்பெனி உங்களுக்குக் கொடுத்தது 40,000. அதில் 4,000-ஐ உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டியிருக்கிறது. ரிட்டர்னில் வருமானமாக 40,000, கட்டிய வரியாக 4,000 என்று இரண்டும் வரவேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டிவிடெண்டுக்கு டிடிஎஸ் வந்த புதிதில் என் சொந்த ரிட்டர்னையே பாஸ்புக்கைப் பார்த்துப் போட்டேன். `ACH` என்று தொடங்கும் பதிவுகளைப் பென்சிலால் வட்டமிட்டு, கூட்டி, அந்தத் தொகையை எழுதிவிட்டு, டிடிஎஸ்ஸை மட்டும் முழுசாகக் கேட்டேன். சில மாதம் கழித்து, நான் கழிவு கேட்ட வரிக்கு உரிய வருமானம் முழுவதும் காட்டப்படவில்லை என்று மெயில் வந்தது. ஊருக்கெல்லாம் ரிட்டர்ன் போடுபவனுக்கு இந்த நிலைமை! பாஸ்புக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து எடுத்து எழுதாதீர்கள்.

"சரி, முழுத் தொகை எவ்வளவுன்னு எங்க பாக்கறது?"

வருமான வரி போர்ட்டலில் இரண்டு இடம் இருக்கிறது. `Form 26AS`-ல் டிடிஎஸ் பிடித்த கம்பெனிகள் மட்டும் வரும். எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று இருக்கும். `AIS`-ல் பிடிக்காத கம்பெனிகளும் வரும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்தோம் என்ற பட்டியலைக் கம்பெனிகள் தனியாகவும் துறைக்கு அனுப்புகின்றன.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஒரே 40,000, டிடிஎஸ் வழியாக ஒரு முறையும் கம்பெனிப் பட்டியல் வழியாக இன்னொரு முறையும் `AIS`-ல் வரலாம். போன வருஷம் ஒரு அம்மா இரண்டையும் கூட்டி 80,000 என்று எழுதிக்கொண்டு வந்தார். கம்பெனி பெயரையும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை மட்டும் எடுங்கள். அதே பக்கத்தில் உள்ள `TIS` சுருக்கத்தில் இந்த இரட்டிப்பு பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்று, ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட அவசரப்படாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கான கணக்கைக் கம்பெனி தாக்கல் செய்ய மே 31 வரை நேரம் உண்டு. பிப்ரவரி டிவிடெண்டில் பிடித்தது ஜூன் மாதத்தில்தான் முழுதாகத் தெரியவரும்.

"ரிட்டர்ன்ல எந்தக் கட்டத்துல போடணும்? ஒரு உதாரணத்தோட சொல்லுங்க."

அஸ்தம்பட்டியில் ஒரு பென்ஷன்தாரர் என்று வைத்துக்கொள்வோம், வயது 63. ஆண்டுப் பென்ஷன் ₹6,00,000. முதல் கம்பெனி மேலே சொன்னதுதான்: ஆகஸ்ட் 22-ல் 6,000, பிப்ரவரி 10-ல் 7,000, டிடிஎஸ் 1,300. இரண்டாவது கம்பெனி ஜூலை 18-ல் 4,500 கொடுத்தது, பிடித்தம் இல்லை. மூன்றாவது செப்டம்பர் 5-ல் 40,000, பிடித்தது 4,000. பேங்கில் வந்தது ₹52,200. உண்மையான டிவிடெண்ட் ₹57,500, டிடிஎஸ் ₹5,300. மூன்றையும் தாளில் எழுதி, வந்ததும் பிடித்ததும் சேர்ந்தால் முழுத் தொகை வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது என் பழக்கம்.

ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-1-ல் `Income from Other Sources` என்ற இடத்தில் வகைகளிலிருந்து `Dividend` என்பதைத் தேர்ந்து 57,500 போடவேண்டும். ஐடிஆர்-2 என்றால் அது `Schedule OS`-ல் முதல் வரிசை. உடனே காலவாரியாகப் பிரிக்கச் சொல்லும் ஐந்து கட்டங்கள் வரும்: ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, மார்ச் 31 வரை. இவருக்கு இரண்டாவது கட்டத்தில் 50,500, நான்காவதில் 7,000, மற்றவை பூஜ்யம். பிடித்த வரி சம்பளம் அல்லாத டிடிஎஸ் அட்டவணையில் பெரும்பாலும் தானாகவே நிரம்பியிருக்கும். 5,300 வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புதிய வரிமுறையில் பென்ஷனில் 75,000 நிலைக்கழிவு போக 5,25,000. டிவிடெண்டைச் சேர்த்தால் 5,82,500. முதல் நாலு லட்சம் போக மீதி 1,82,500-க்கு 5% என்றால் 9,125. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அது முழுவதும் போய்விடும். பிடித்த 5,300 அப்படியே ரீஃபண்டாகத் திரும்பி வரும். ரிட்டர்ன் போடாவிட்டால் அந்தப் பணம் வராது.

"வந்த தேதி எதுக்குங்க? மொத்தத்தைப் போட்டா ஆகாதா?"

அந்தக் கட்டங்கள் உங்களுக்குச் சாதகமானவை. மொத்த வரியில் டிடிஎஸ் போக ₹10,000 அல்லது அதற்கு மேல் பாக்கி வரும் என்றால் தவணை தவணையாக முன்வரி கட்டவேண்டும். கட்டாவிட்டால் வட்டி. ஆனால் பிப்ரவரியில் எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுக்கும் என்று ஜூனிலேயே யாருக்குத் தெரியும்? அதனால் டிவிடெண்ட் வந்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால் போதும், முந்தைய தவணைகளுக்கு வட்டி இல்லை என்று சட்டத்தில் சலுகை உண்டு. மொத்தத்தையும் முதல் கட்டத்தில் போட்டுவிட்டால், அத்தனையும் ஜூனுக்குள் வந்ததாக எடுத்துக்கொண்டு சாஃப்ட்வேர் வட்டி போடும்.

பிசினஸ் வருமானம் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்வரியே கிடையாது.

"அதான் 10% பிடிச்சுட்டாங்களே, மறுபடி நான் ஏன் கட்டணும்?"

பிடித்தது முன்பணம்தான், கணக்கு ரிட்டர்னில்தான் தீரும். அஸ்தம்பட்டிப் பெரியவருக்குத் திரும்பி வந்தது. அவருடைய மகன் பெங்களூரில் 30% ஸ்லாபில் இருக்கிறார் என்றால் அதே 40,000-க்கு வரி 12,000, அதன் மேல் 4% செஸ் 480. பிடித்த 4,000 போக ₹8,480 கையிலிருந்து கட்டவேண்டும்.

"எனக்கு டேக்ஸே வராது. பிடிக்காம இருக்க ஃபார்ம் குடுக்கலாமாமே?"

கொடுக்கலாம். 60 வயது நிறைந்தவருக்கு 15எச், மற்றவர்களுக்கு 15ஜி. 15எச்-க்கு அந்த ஆண்டின் மொத்த வரி பூஜ்யமாக இருந்தால் போதும். 12 லட்சத் தள்ளுபடியால் பூஜ்யமானாலும் சரி. 15ஜி-க்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: டிவிடெண்ட், வட்டி போன்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக்கூடாது. இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் இளவட்டங்கள் நிறைய பேர்.

கொடுக்கும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பேங்கிலோ டீமேட் கணக்கு வைத்திருக்கும் புரோக்கரிடமோ கொடுத்தால் பயனில்லை. டிவிடெண்ட் கொடுக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும், அதன் பங்குக் கணக்கைப் பார்க்கும் பதிவாளர் வழியாக, ஒவ்வொரு நிதியாண்டும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். டிவிடெண்ட் அறிவித்ததும் கம்பெனியிலிருந்து வரும் மெயிலில் லிங்க்கும் கடைசித் தேதியும் இருக்கும். யாரும் படிக்காத மெயில் அது. தேதி போய்விட்டால் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்பதுதான் வழி. ஒரு கம்பெனியில் 10,000-க்குக் கீழே என்றால் ஃபார்மே வேண்டாம், எப்படியும் பிடிக்கமாட்டார்கள்.

"எனக்கு மட்டும் 20% பிடிச்சிருக்காங்க. ஏன்?"

உங்கள் பான் எண்ணைப் பாருங்கள். டீமேட்டிலோ ஃபோலியோவிலோ பான் இல்லை என்றாலும், ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்திருந்தாலும் 20% பிடிப்பார்கள். பான் செயலிழந்திருந்தால் வரி உங்கள் கணக்கில்தான் ஏறியிருக்கும், இணைத்துவிட்டு ரிட்டர்னில் கேட்கலாம். பானே கொடுக்கவில்லை என்றால் `26AS`-ல் எதுவும் வராது. பதிவாளருக்குப் பான் எண்ணைக் கொடுத்து, கம்பெனி தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யும்வரை விடாமல் எழுதவேண்டியதுதான்.

"நாங்க ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வெச்சிருக்கோம். எஸ்டேட் கம்பெனி ஷேரும் இருக்கு. ரெண்டும் விவசாயம்தானே, டேக்ஸ் எதுக்கு?"

தோட்டம் விவசாயம், பங்கு விவசாயம் அல்ல. இதே கேள்வியோடு ஒரு அம்மையார் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் 60% விவசாய வருமானம், அதிலிருந்து வரும் டிவிடெண்டிலும் அதே பங்கு விவசாயம்தான் என்பது வாதம். பச்சா குஸ்தார் வழக்கு என்று சொல்வார்கள். 1954-ல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது: நிலத்தோடு சம்பந்தம் கம்பெனிக்குத்தான்; பங்குதாரருக்குக் கிடைப்பது முதலீட்டின் பலன். அது இன்றைக்கும் சட்டம்தான். ஆக எஸ்டேட் கம்பெனி டிவிடெண்டும் மேலே சொன்ன கட்டத்திலேயே போகும்.

சொந்தத் தோட்டம் இருப்பதால் வேறொன்று மாறும், அது ரிட்டர்ன் படிவம். விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2-க்குப் போகவேண்டும். அந்த வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் மற்ற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால் விகிதம் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள். காப்பியைப் பழமாக விற்பவருக்கு இது போதும். நீங்களே பழத்தைப் பதப்படுத்தி, அதாவது க்யூரிங்கும் செய்து விற்றால் அதில் 25% பிசினஸ் வருமானம், அப்போது ஐடிஆர்-3. டிவிடெண்ட் ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் படிவத்தை முடிவு செய்வது தோட்டம்தான்.

"ஷேர் வீட்டம்மா பேர்ல இருக்கு, காசு என்னோடது. யார் காட்டறது?"

நீங்கள். மனைவிக்குக் கொடுத்த பணத்தில் வாங்கிய பங்கின் டிவிடெண்ட் கணவரின் வருமானத்தோடு சேரும். மனைவியின் சொந்தச் சம்பளத்திலோ அம்மா வீட்டுச் சீதனத்திலோ வாங்கியிருந்தால் அவருடையதுதான்.

சிக்கல் டிடிஎஸ்ஸில் வரும், ஏனென்றால் அது அவருடைய பானில் ஏறியிருக்கும். வருமானம் வேறொருவருடையது என்று பங்குதாரரான மனைவி கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். நீங்கள் ஐடிஆர்-2-ல் டிடிஎஸ் அட்டவணையில் வரி இன்னொருவர் பானில் பிடிக்கப்பட்டது என்று தேர்ந்து அவருடைய பான் எண்ணைப் போடவேண்டும். ஐடிஆர்-1-ல் இதற்கு இடமில்லை.

"எங்க வெள்ளிப் பட்டறைக் குடும்பத்துல எச்யுஎஃப் பேர்ல ஷேர் இருக்கு. 3,000 ரூபாய்க்கே பிடிச்சுட்டாங்களே?"

பத்தாயிரம் கோடு தனிநபருக்கு மட்டும். எச்யுஎஃப் எனும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 10%. எச்யுஎஃப்பின் ரிட்டர்னில் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

"கடன் வாங்கி ஷேர் வாங்கினேன். வட்டியைக் கழிக்கலாமா?"

2025-26-க்குக் கழிக்கலாம், ஆனால் அந்த டிவிடெண்டில் 20% வரைதான். டிவிடெண்ட் 40,000 என்றால், வட்டி எவ்வளவு கட்டியிருந்தாலும் 8,000-க்கு மேல் கிடையாது. டீமேட் கட்டணம், புரோக்கர் கமிஷன் எதையும் இங்கே கழிக்க முடியாது.

"மார்ச் 25 அறிவிச்சாங்க, பணம் ஏப்ரல் 8 வந்துச்சு. எந்த வருஷக் கணக்கு?"

இது இடைக்கால டிவிடெண்ட் என்றால், பணம் நிபந்தனையின்றி உங்கள் கைக்குக் கிடைக்கிற நாள் எதுவோ அந்த ஆண்டு. ஏப்ரல் 8 என்பதால் அடுத்த ஆண்டு, 2026-27. இறுதி டிவிடெண்டுக்கு ஆண்டுப் பொதுக்குழுவில் அறிவித்த நாள்தான் கணக்கு. அது பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் நடப்பதால் இந்தக் குழப்பம் வருவதில்லை.

சில சமயம் கம்பெனி மார்ச்சிலேயே வரியைக் கட்டி, `26AS`-ல் 2025-26-லேயே ஏற்றிவிடும். அப்போது டிடிஎஸ்ஸை 2025-26-ல் எடுக்காமல், டிடிஎஸ் அட்டவணையில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் கட்டத்தில் போடுங்கள். வருமானம் எந்த ஆண்டில் வருகிறதோ, வரிக் கழிவும் அந்த ஆண்டில்தான் கிடைக்கும். அடுத்த ஜூலையில் மறந்துபோகும் என்பதால் நான் அந்தக் கம்பெனியின் பெயரையும் தொகையையும் ஃபைல் அட்டையின் உள்பக்கம் சிவப்புப் பேனாவில் எழுதி வைத்துவிடுவேன்.